முடிவு ஊழியருடையது, வாசகம் இயந்திரத்துடையது: டர்பன் உதவி மேசையில் செய்து பார்த்தது

டர்பனில் நான் பணிபுரியும் நிறுவனம் இன்வெர்ட்டர்களையும் லித்தியம் மின்கலங்களையும் இணையவழியில் விற்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2022, 2023 ஆண்டுகளில் மின்வெட்டு, அதன் கடுமையைக் குறிக்கும் நிலைகளில் ஆறாவதுவரை போனபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். விற்பனைக்குப் பின்னாலேயே கடிதங்களும் வந்தன. பெட்டி எங்கே, திரையில் ஏன் எச்சரிக்கை எண் காட்டுகிறது, பொருளைத் திருப்பித் தரலாமா, பணம் எப்போது வரும்? ஒரே மாதிரிக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் சேவை ஊழியர் முதலிலிருந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

கேட்டதற்கு ஏற்ப உரை எழுதித் தரும் மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு இந்தச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. ஒன்று, கடிதம் வந்ததும் இயந்திரமே பதில் எழுதி அனுப்பிவிடுவது. மற்றது, இயந்திரம் வரைவு எழுதித் தர, ஊழியர் படித்துத் திருத்தி அனுப்புவது. இரண்டாவதுதான் பாதுகாப்பானது என்று எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். நானும் அதைத்தான் கட்டினேன். ஆனால் ஊழியர் ஒருவர் நடுவில் இருக்கிறார் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. அவர் என்ன பார்க்கிறார், எந்த வரிசையில் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த வரிசையைச் சரிசெய்த கதையே இந்தப் பதிவு.

முழுத் தானியங்கி வழியை ஏன் முதலில் ஒதுக்கினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துத் தீர்ப்பாயம் ஏர் கனடா விமான நிறுவனத்துக்கு எதிராக ஒரு முடிவு சொன்னது. உறவினர் மரணத்துக்காகப் பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று நிறுவனத்தின் இணையதள உரையாடல் நிரல் தவறாகச் சொல்லியிருந்தது. அந்த நிரல் தனியொரு பொறுப்பாளர், அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வகையில் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது. ஆனால் இயந்திரம் எழுதிய வாக்குறுதி நிறுவனத்தின் வாக்குறுதியே என்பது அதில் தெளிவாகிவிட்டது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்ட காரணம் வேறு. தானியங்கி பதிலில் தவறு நடந்தால் அது வெளியே தெரிவதில்லை. தவறான பதில் பெற்ற வாடிக்கையாளர்களில் பலர் திரும்ப எழுதுவதில்லை. மனம் வெறுத்துப் போய்விடுகிறார்கள். கணக்கில் அது 'தீர்ந்த புகார்' என்று பதிவாகிறது. வரைவு முறையில் அப்படியில்லை. ஊழியர் வரைவை மாற்றும் ஒவ்வொரு இடமும் இயந்திரம் எங்கே தவறுகிறது என்பதற்கான சான்றாக நம் கையில் தங்குகிறது. ஆனால் ஊழியர் உண்மையிலேயே படித்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும்.

முதல் அமைப்பு எளியது. கடிதம் வந்ததும், எங்கள் உதவிப் பக்கங்களிலிருந்து அதற்குப் பொருத்தமான பகுதிகளை நிரல் தேடி எடுக்கும். அவற்றையும் கடிதத்தையும் மொழி மாதிரியிடம் கொடுத்து வரைவு வாங்கும். ஊழியரின் திரையில் மேலே கடிதம், கீழே வரைவு, பக்கத்தில் அனுப்பும் பொத்தான். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றை வெளியே அனுப்பும் முன் மறைத்துவிட்டோம். இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டுமல்ல, வரைவு எழுத அவை தேவையும் இல்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இது உடனே பிடித்துவிட்டது. சாட்ஸ்வர்த்தில் வளர்ந்து, பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கும் அக்கா வரைவைப் பார்த்துவிட்டு அழித்துத் தானே எழுதினார். இதில் வியப்பில்லை. பிரின்யோல்ஃப்சன், லி, ரேமண்ட் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சேவை ஊழியர்களிடம் இதே வகை வரைவு உதவியை அளந்தது. ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் புகார்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. அனுபவமில்லாதவர்களிடம் 34 விழுக்காடு கூடின. நெடுநாள் அனுபவமுள்ளவர்களிடம் மாற்றம் மிகக் குறைவு. வரைவு, தேர்ந்தவரின் பழக்கத்தைப் புதியவருக்குக் கடன் கொடுக்கிறது. தேர்ந்தவருக்கு அந்தக் கடன் தேவையில்லை.

ஆனால் அந்த அக்கா அழித்த ஒரு வரைவுதான் எங்கள் அமைப்பையே மாற்றியது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

டொங்காட் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்தார். இன்வெர்ட்டர் வாங்கி நான்கு மாதம் ஆகிறது, மின்சாரம் நின்றால் மின்கலத்துக்கு மாறாமல் அணைந்துவிடுகிறது, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வந்த வரைவு கனிவாகவும் தெளிவாகவும் இருந்தது. பொருள் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் திருப்பித் தரலாம், அனுப்பும் செலவு உங்களுடையது, காலம் கடந்துவிட்டதால் வருந்துகிறோம் என்றது.

அந்த 7 நாள் கற்பனை இல்லை. 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, இணையத்தில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 7 நாட்களுக்குள் மனம் மாறலாம் என்கிறது. திருப்பி அனுப்பும் நேரடிச் செலவை மட்டும் அவர் ஏற்க வேண்டும். ஆனால் டொங்காட்காரர் மனம் மாறவில்லை. அவருடைய பொருள் பழுது. அதற்கு 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இருக்கிறது. குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் விற்றவரின் செலவிலேயே திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்வு செய்பவர் வாங்கியவர்தான். திருப்பித் தருவது என்ற சொல் இரண்டுக்கும் பொது என்பதால் வரைவு முற்றிலும் வேறொரு சட்டத்திலிருந்து பேசிவிட்டது.

காரணத்தைத் தேடிப் பார்த்தபோது அது மொழி மாதிரியின் கற்பனையாக இருக்கவில்லை. எங்கள் உதவிப் பக்கங்களில் 'திருப்பித் தருதல்' என்ற தலைப்பின் கீழே 7 நாள் விதி மட்டுமே இருந்தது. பழுது பற்றியவை 'உத்தரவாதக் கோரிக்கை' என்ற வேறு பக்கத்தில் இருந்தன. வாடிக்கையாளர் திருப்பித் தருவது என்று எழுத, தேடல் முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. மாதிரி தனக்குக் கிடைத்ததை அழகாக எழுதியது. மூலம் காட்டு என்று கேட்டிருந்தாலும் சரியான பக்கத்தையே காட்டியிருக்கும். பக்கம் சரி, கேள்விக்குத்தான் அது பொருந்தவில்லை. இந்த வகைப் பிழையைப் பிடிப்பது மிகக் கடினம். எண் சரி, விதி உண்மை, மொழி நன்று.

அக்காவிடம் எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று கேட்டேன். "நான் வரைவைப் படிக்கவே இல்லை. கடிதத்தைப் படித்ததும் இது பழுது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தேன்" என்றார். தம்பியோ நேர் எதிர். அவர் வரைவை முதலில் படித்துவிட்டு, அது சரியாக ஒலிக்கிறதா என்று சோதிக்கக் கடிதத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர். அவர் மீது குறையில்லை. திரை அவரை அப்படித்தான் இழுத்தது. தயாராக எழுதப்பட்ட பதில் கண்முன் இருக்கும்போது, மனம் அந்தப் பதிலின் சட்டகத்துக்குள்ளேயே நின்று யோசிக்கிறது. 7 நாள் கடந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்கும். 7 நாள் என்பதே பொருந்துமா என்று கேட்காது.

அந்த உரையாடலுக்குப் பிறகு திரையை மாற்றினேன். இப்போது கடிதம் மட்டுமே முதலில் தெரியும். ஊழியர் இரண்டு விஷயங்களைத் தேர்வு செய்ய வேண்டும்: பொருள் வாடிக்கையாளர் கைக்கு வந்த தேதி, அவர் எழுதியதன் காரணம். காரணம் என்பது சிறு பட்டியல்: மனம் மாறினார், பழுது, பாதையில் சேதம், தவறான பொருள், வேறு. அதைத் தேர்ந்தெடுத்த பிறகே வரைவு வரும். தேடலும் அந்தக் காரணத்துக்குரிய பக்கங்களுக்குள் மட்டுமே நடக்கும். முடிவு எடுப்பவர் ஊழியர், அந்த முடிவை நல்ல வாசகமாக்குவது இயந்திரம் என்று வேலை பிரிந்துவிட்டது. இதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் சில நொடி கூடுகிறது. நிர்வாகம் முதலில் முகம் சுளித்தது. அந்தச் சில நொடிதான் சேவை ஊழியரின் வேலையே என்று நான் விடாமல் வாதிட்டேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

இரண்டாவது மாற்றம், வரைவில் வெற்றிடங்கள் விடுவது. காலக்கெடு, தொகை, செலவு யாருடையது ஆகிய மூன்றையும் மொழி மாதிரி எழுதவே கூடாது என்று அறிவுறுத்தினோம். அவற்றின் இடத்தில் `[[RETURN_WINDOW]]`, `[[AMOUNT]]`, `[[WHO_PAYS]]` என்ற குறிகளை மட்டும் வைக்கும். கடிதத்தில் `[[` இருக்கும்வரை அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. ஊழியர் தேர்ந்தெடுத்த காரணத்துக்கும் தேதிக்கும் ஏற்ற மதிப்பு பக்கத்தில் காட்டப்படும். ஆனால் அதைச் சொடுக்கி இடத்தில் வைக்க வேண்டியவர் அவர்தான். கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கை நிற்கிறது. மாதிரி சில சமயம் அறிவுறுத்தலை மீறி எண்ணை எழுதிவிடும். அதனால் வரைவில் இலக்கமோ, எண்ணைக் குறிக்கும் சொல்லோ வந்தால் அதை நிராகரித்து மறுபடி எழுதச் சொல்லும் ஒரு சோதனையும் வைத்தோம். பொருளின் மாதிரி எண்ணுக்கு மட்டும் விலக்கு.

அடுத்தது அளவிடுதல். வரைவுக்கும் அனுப்பிய கடிதத்துக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஓர் எண்ணால் அளந்து, அதை வைத்து வரைவின் தரத்தைச் சொல்லலாம் என்று பலரும் தொடங்குகிறார்கள். இது எப்படி ஏமாற்றும் என்பதை டொங்காட் கடிதத்தையே வைத்துக் காட்டுகிறேன். அந்த வரைவிலிருந்து ஒரு வாக்கியத்தையும் அது எப்படி மாறியிருக்க வேண்டும் என்பதையும் பைத்தானின் `difflib` கொண்டு ஒப்பிடுங்கள்:

```python
from difflib import SequenceMatcher

a = "You may return the inverter within 7 days at your own cost.".split()
b = "You may return the inverter within 6 months at our cost.".split()

m = SequenceMatcher(None, a, b, autojunk=False)
for op, i1, i2, j1, j2 in m.get_opcodes():
    if op != "equal":
        print(op, a[i1:i2], "->", b[j1:j2])
```

வெளியீடு:

```
replace ['7', 'days'] -> ['6', 'months']
replace ['your', 'own'] -> ['our']
```

இந்த வாக்கியம் 120 சொல் கொண்ட கடிதத்துக்குள் இருந்து, மற்றதெல்லாம் மாறாமல் போனால், முழுக் கடிதத்தின் ஒற்றுமை அளவு 0.97 வரும். பார்ப்பவர் 'கிட்டத்தட்ட சரியான வரைவு' என்று நினைப்பார். வாடிக்கையாளருக்கோ அது ஒரு முழு இன்வெர்ட்டரின் விலை. மறுபுறம், வணக்கத்தையும் வருத்தம் தெரிவிக்கும் பத்தியையும் தன் நடையில் மாற்றி எழுதும் ஊழியரின் கடிதம் 0.5க்குக் கீழே இறங்கலாம். அதில் ஒரு தகவலும் மாறியிருக்காது. ஆகவே ஒற்றுமை எண்ணைத் தூக்கிப்போட்டேன். மாற்றங்களை வகை பிரிப்பதுதான் பயன் தந்தது. மாறிய துண்டில் இலக்கமோ, காலமோ, எதிர்மறைச் சொல்லோ, உங்கள் எங்கள் என்ற சொல்லோ இருந்தால் அது தகவல் திருத்தம். மற்றவை நடைத் திருத்தம். தகவல் திருத்தங்கள் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு தாளில் அச்சாகும். அக்காவும் நானும் அதை ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறோம். அநேகமாக ஒவ்வொன்றும் உதவிப் பக்கத்தில் உள்ள ஏதோ ஓர் ஓட்டையைக் காட்டுகிறது. பக்கத்தைத் திருத்தினால் அடுத்த வரைவு சரியாகிறது. மொழி மாதிரியில் கைவைக்கும் தேவை வரவேயில்லை.

ஆனால் திருத்தமே இல்லாத கடிதம்? அது வரைவு நன்றாக இருந்ததாலா, யாரும் படிக்காததாலா? இரண்டும் பதிவேட்டில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய இரண்டு வழிகள் வைத்தோம்.

முதலாவது நேரம். சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 240 ஆங்கிலச் சொற்களை மனத்துக்குள் படிக்கிறார். 120 சொல் வரைவுக்கு அரை நிமிடம் வேண்டும். வரைவு திரையில் வந்து எட்டு நொடியில் அனுப்பப்பட்டிருந்தால் அது படிக்கப்படவில்லை என்றே கொள்ளலாம். இதை ஆள்வாரியாக நாங்கள் பார்ப்பதில்லை, நேரவாரியாகப் பார்க்கிறோம். மின்வெட்டு நடந்த மறுநாள் காலையில் கடிதங்கள் குவியும்போது எல்லோருடைய நேரமும் ஒன்றாகச் சுருங்குவது அதில் தெரிகிறது. அது ஆள் போதவில்லை என்பதற்கான அடையாளம். யாரையும் கண்டிப்பதற்கான காரணம் அல்ல.

இரண்டாவது, வேண்டுமென்றே தவறு வைத்த வரைவு. எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே தொடங்கினோம். எப்போதாவது ஒரு வரைவில் ஒரு தகவல் பிழை சேர்க்கப்படும். ஊழியர் அதைத் திருத்தினால் வேலை வழக்கம்போல் நடக்கும். திருத்தாமல் அனுப்பினால் கடிதம் வெளியே போகாது; பிழையை வண்ணமிட்டுக் காட்டி அவரிடமே திரும்பும். இதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: தடுக்கும் பூட்டு அஞ்சல் அனுப்பும் சேவையிலேயே இருக்க வேண்டும், திரையில் மட்டும் இருக்கக் கூடாது. திரை நிரல் செயலிழந்தால் நாமே வைத்த பொய் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

காரணத்தை முதலில் தேர்வு செய்யும் முறை வந்த பிறகு, வைத்த பிழைகளைப் பிடிப்பதில் தம்பிக்கும் அக்காவுக்கும் இருந்த இடைவெளி கண்கூடாகக் குறைந்தது. கவனமாகப் படியுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்ன நாட்களில் அது நடக்கவில்லை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கடிதங்கள் ஆங்கிலத்தில் மட்டும் வருவதில்லை. ஆங்கிலத்தில் தொடங்கி ஜூலு மொழியில் முடிப்பார்கள். முழுதும் ஜூலுவிலேயே எழுதுபவர்களும் உண்டு. மாதிரி ஜூலுவில் வரைவு எழுதத்தான் செய்கிறது. ஆனால் அந்த மொழி தெரியாத ஊழியர் அதைப் பார்த்து அனுப்புவது பெயரளவுக்குத்தான் மனிதப் பார்வை. நடைமுறையில் அது முழுத் தானியங்கிப் பதில். அதனால் ஜூலுக் கடிதம், ஜூலு தாய்மொழியாக உள்ள சக ஊழியரின் வரிசைக்கு மட்டுமே போகும். அவர் விடுப்பில் இருந்தால் கடிதம் காத்திருக்கும். பெற்றுக்கொண்டோம் என்ற, அவரே எழுதி வைத்த நிலையான அறிவிப்பு மட்டும் உடனே போகும்.

இத்தனைக்கும் பிறகு தானியங்கிப் பதிலுக்கு எங்களிடம் இடமே இல்லையா? இருக்கிறது. எந்த வகைக் கடிதங்களில் நெடுநாளாகத் தகவல் திருத்தமே வரவில்லை என்று பட்டியல் எடுத்தபோது ஒன்று தனித்து நின்றது: பெட்டி எங்கே இருக்கிறது என்ற கேள்வி. இதற்கான பதில் எந்த விதியையும் விளக்குவதில்லை. கூரியரின் தரவுத்தளத்தில் உள்ள நிலையை எடுத்துச் சொல்கிறது, அவ்வளவே. ஆகவே இதற்கு மொழி மாதிரியின் வாசகத்தைக்கூட நாங்கள் பயன்படுத்தவில்லை. கடிதம் இந்தக் கேள்வியை மட்டும்தான் கேட்கிறதா என்று அறிவதுதான் மாதிரியின் வேலை; பதில், இடங்களை நிரப்பிய நிலையான படிவம். 'பெட்டி எங்கே, மேலும் போன முறை வந்தது உடைந்திருந்தது' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அது ஊழியரிடமே போகும்.

தானாகப் போன பதில்களில் இருபதுக்கு ஒன்றை எடுத்து ஒருவர் படிக்கிறார். ஏனென்றால் இந்த வரிசையில் திருத்துபவர் இல்லை, ஆகவே சான்றும் தானாக வராது. நாமே போய் எடுக்க வேண்டும். பதில் பெற்றவர் 7 நாட்களுக்குள் மறுபடி எழுதினால் அந்தப் பதில் தோல்வி என்றே கணக்கில் ஏறுகிறது. கூரியர் நிறுவனம் தன் நிலைக் குறியீடுகளை மாற்றினால் இந்த எண்ணிக்கை முதலில் ஏறும். ஏறினால் தானியங்கி வரிசை அணைந்து, கடிதங்கள் பழையபடி வரைவு வரிசைக்கு வந்துவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு வரிசையும் உண்டு. மின்கலம் வீங்கியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது, தொட்டால் அதிர்ச்சி அடிக்கிறது என்ற கடிதங்களுக்கு வரைவே வராது. ஊழியரின் திரையில் தொலைபேசி எண் மட்டும் பெரிதாகத் தெரியும். சொற்பட்டியலும் மொழி மாதிரியும் இரண்டும் தனித்தனியே இதைச் சோதிக்கின்றன. ஏதாவது ஒன்று ஐயப்பட்டாலும் போதும். தேவையில்லாமல் சிலருக்குத் தொலைபேசி அழைப்பு போகத்தான் செய்கிறது. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

இப்போது கையில் இருக்கும் வேலை, 56ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. பழுதுபார்த்துத் தந்த பொருள் 3 மாதத்துக்குள் மறுபடி பழுதானால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இன்னொரு முறை பழுதுபார்க்கிறோம் என்று சொல்ல முடியாது. வரைவு இன்னும் அதைத்தான் சொல்கிறது, ஏனென்றால் பழுதுபார்த்த தேதி எங்கள் கடைத் தரவில் இல்லை. பட்டறையின் தனிப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த இரண்டையும் இணைக்கும்வரை, 'பழுது' என்று தேர்ந்தெடுத்ததும் 'இதற்கு முன் பழுதுபார்த்தோமா' என்ற கேள்வி திரையில் வருகிறது. ஊழியர் பட்டறைக்குத் தொலைபேசியில் கேட்டு விடை எழுதினால்தான் அடுத்த படி திறக்கும்.